log சாவியா, ln சாவியா? மடக்கையின் அடியை மாற்றும்போது எதை அழுத்துவது

கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் நடக்கும் கணித வகுப்புக்குக் கடந்த மாதம் இருவர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் களுவாஞ்சிக்குடியில் ஒரு சிறிய சேமிப்புச் சங்கத்தின் கணக்கு எழுதும் அக்கா. மற்றவன் அக்கரைப்பற்றுப் பையன். வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிறான், என் பழைய மாணவன். இருவரிடமும் இருந்தது பழைய விஞ்ஞானக் கணிகருவி. அதில் மடக்கைக்கு இரண்டே சாவிகள்: 10 ஐ அடியாகக் கொண்ட `log`, e என்ற மாறிலியை அடியாகக் கொண்ட இயற்கை மடக்கைக்கான `ln`. இருவருக்கும் தேவைப்பட்டதோ வேறு அடி. அக்காவுக்கு 1.01. பையனுக்கு 2.

"தம்பி, ஒரு பிள்ளை log என்று சொல்லித் தந்தாள், இன்னொரு பிள்ளை ln தான் சரி என்கிறாள். எதை அழுத்த?" என்று அக்கா கேட்டார். "சேர், அடி போடும் சாவி உள்ள புதிய கணிகருவி வாங்கிவிடட்டுமா?" என்பது பையனின் கேள்வி.

இருவருக்கும் வாயால் சொன்ன பதில் போதவில்லை என்று பின்னர் தோன்றியது. இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுமையாக எழுதுகிறேன்.

## எந்தச் சாவியானாலும் விடை ஏன் ஒன்றே

3 ஐ எத்தனையாம் வலுவுக்கு உயர்த்தினால் 50 வரும் என்பதே `log₃ 50` என்ற கேள்வி. அந்தச் சுட்டியை x என்போம். 3ˣ = 50. இரு பக்கமும் ஏதாவது ஓர் அடியில் மடக்கை எடுத்தால், சுட்டி கீழே இறங்கி x × log 3 = log 50 என்று ஆகிறது. ஆகவே x = log 50 ÷ log 3. இந்த வழியில் எங்குமே "அடி 10 ஆக இருக்க வேண்டும்" என்று நாம் சொல்லவில்லை. இரு பக்கமும் ஒரே அடியாக இருந்தால் போதும்.

இரண்டு கயிறுகளில் ஒன்று மற்றதைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டையும் முழத்தால் அளக்கலாம், இரண்டையும் மீற்றரால் அளக்கலாம். மடங்கு மாறாது. ஒன்றை முழத்தாலும் மற்றதை மீற்றராலும் அளந்தால்தான் விடை கெடும். `log` ஒரு அளவுகோல், `ln` இன்னொன்று. எண்களை இட்டுப் பார்த்தால்:

```
log(50)÷log(3) = 1.69897 ÷ 0.47712 = 3.5609
ln(50)÷ln(3)   = 3.91202 ÷ 1.09861 = 3.5609
```

ஒவ்வோர் எண்ணின் `ln` பெறுமானமும் அதன் `log` பெறுமானத்தைப் போல் 2.302585 மடங்கு. அது 10 இன் இயற்கை மடக்கை. தொகுதியிலும் பகுதியிலும் ஒரே காரணி இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகிறது.

அப்படியானால் தெரிவு செய்ய என்ன இருக்கிறது? கணிகருவிக்குள் ஒன்றுமில்லை. கணிகருவியையும் தாளையும் கையாளும் மனிதரிடம்தான் வித்தியாசம் தொடங்குகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு விடயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, தவறாக அழுத்தினால் அது கண்ணுக்குத் தெரியுமா, அதாவது விடையை மனத்தால் மதிப்பிட முடியுமா. இரண்டாவது, கணக்கின் மற்றப் பகுதி எந்த மடக்கையில் நிற்கிறது. மூன்றாவது, இடை விடைகளைத் தாளில் எழுதும்போது எவ்வளவு திருத்தம் கெடுகிறது. நான்காவது, ஒரே அடியில் ஒரு தடவைதான் கணிக்கிறோமா, நாற்பது தடவை கணிக்கிறோமா. இவற்றில் மூன்றாவதே மிகப் பெரிய தீங்கு செய்வது. அதற்குக் கீழே கூடுதல் இடம் தருகிறேன்.

## முதல் வழி: `log` சாவி

பத்தின் வலுக்களாக எண்கள் வரும் இடத்தில் இதற்கு ஈடில்லை. அந்த விவசாய மாணவனின் கணக்கையே எடுப்போம். தயிருக்கு வைத்த எருமைப் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு 1,000 ஆக இருந்த பக்ரீறியாக்கள் 5,000,000 ஆகப் பெருகின என்று பயிற்சியில் தந்திருந்தார்கள். எத்தனை தடவை இரட்டித்தன என்பது கேள்வி. 5,000 மடங்கு பெருக்கம், ஆகவே `log₂ 5000`.

5000 நான்கு இலக்க எண். ஆகவே அதன் `log` 3 க்கும் 4 க்கும் இடையில் இருந்தாக வேண்டும். திரையில் 3.69897 வந்ததும் மனம் ஏற்றுக்கொள்கிறது. log 2 என்பது 0.30103 என்று பாடசாலை நாட்களிலிருந்தே பலருக்கு மனப்பாடம். வகுத்தால் 12.2877. பன்னிரண்டு தடவை இரட்டித்தால் 4,096 மடங்கு, பதின்மூன்று தடவை இரட்டித்தால் 8,192 மடங்கு. 5,000 அவற்றின் நடுவே, 4,096 க்கு அண்மையில் இருக்கிறது. விடை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதையே `ln` மூலம் செய்தால் 8.51719 என்று வரும். அது சரியா பிழையா என்று பார்த்த மாத்திரத்தில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

மடக்கை அட்டவணையோடு வேலை செய்பவருக்கும் `log` தான் வழி. நமது பாடசாலை அட்டவணை 10 ஐ அடியாகக் கொண்டது. 1617 இல் ஹென்றி பிரிக்ஸ் 10 ஐ அடியாகக் கொண்டு முதல் அட்டவணையை அச்சிட்டதிலிருந்து கைக்கணிப்புக்கு வசதியானது அந்த அடிதான். எண்ணின் இலக்கங்களை எண்ணினாலே மடக்கையின் முழுவெண் பகுதி கிடைத்துவிடும் அல்லவா.

இதன் மறைமுகச் செலவு, e கலந்த கணக்குகளில் தெரியவரும். அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

## இரண்டாவது வழி: `ln` சாவி

தேய்வு, வளர்ச்சி பற்றிய சமன்பாடுகள் பெரும்பாலும் e இன் வலுவாக எழுதப்பட்டிருக்கும். கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வில் A = A₀e⁻ᵏᵗ என்று எழுதுகிறோம். அங்கே இரு பக்கமும் A₀ ஆல் வகுத்து `ln` எடுத்தால் வலப் பக்கம் நேரே −kt ஆகிவிடும். `log` எடுத்தால் log e என்ற கூடுதல் எண் ஒட்டிக்கொள்ளும். பழைய இரசாயனவியல் நூல்களில் முதலாம் வரிசைத் தாக்கத்துக்கு 2.303 என்ற எண்ணோடு ஒரு சூத்திரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 2.303 இரசாயனவியலுக்குச் சொந்தமானது அன்று. `ln` ஐ `log` ஆக மாற்றிய அடி மாற்றக் காரணிதான் அது. கையில் அட்டவணை மட்டும் இருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. `ln` சாவி இருக்கும்போது அந்த எண்ணைச் சுமக்கத் தேவையில்லை.

ஓர் உதாரணம். காபன்-14 இன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள். ஒரு மரத்துண்டில் 62 சதவீதம் எஞ்சியிருக்கிறது என்றால், கடந்தது எத்தனை அரைவாழ்வுகள்? −ln 0.62 ÷ ln 2 = 0.47804 ÷ 0.69315 = 0.68966. அதை 5,730 ஆல் பெருக்க, ஏறத்தாழ 3,950 ஆண்டுகள். `log` மூலமும் இதே 0.68966 தான் வரும். ஆனால் கேள்வியின் அடுத்த பகுதி தேய்வு மாறிலியான k இன் பெறுமானத்தைக் கேட்டால், `ln` எடுத்தவருக்கு ln 2 ஐ 5,730 ஆல் வகுப்பது மட்டுமே மிச்சம். `log` எடுத்தவர் இன்னொரு தடவை சாவி மாற வேண்டும். சாவி மாறும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

அடி 1 க்கு மிக அண்மையில் இருக்கும்போது `ln` க்கு இன்னொரு நன்மை உண்டு. ln 1.01 = 0.00995. ஏறக்குறைய 0.01, அதாவது வட்டி வீதமே. ln 1.02 = 0.0198, ஏறக்குறைய 0.02. ஆகவே பகுதியில் வரவேண்டிய எண் எதுவென்று முன்கூட்டியே தெரியும். `log` தரும் 0.00432 என்பதில் அந்த அடையாளம் இல்லை.

## அக்காவின் சங்கக் கணக்கு: திருத்தம் எங்கே கெடுகிறது

கணக்கு இதுதான். சங்கத்தின் 200,000 ரூபாவை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், மாதந்தோறும் வட்டி சேருமாறு வைத்தால், 500,000 ரூபாவைத் தொட எத்தனை மாதங்கள் செல்லும்? மாத வட்டி 1 சதவீதம். பணம் 2.5 மடங்காக வேண்டும். ஆகவே 1.01 ஐ அடியாகக் கொண்ட 2.5 இன் மடக்கை தேவை.

கணிகருவியை இடையில் நிறுத்தாமல் ஒரே வரியில் அழுத்தினால்:

```
log(2.5)÷log(1.01) = 92.0865
ln(2.5)÷ln(1.01)   = 92.0865
```

92 மாதங்கள் போதாது, 93 ஆம் மாத முடிவில்தான் இலக்கு எட்டும். வலுச் சாவியால் சரிபார்க்கலாம். 200,000 × 1.01⁹² = 499,570 ரூபா, இலக்குக்கு 430 ரூபா குறைவு. இன்னொரு மாதம் சென்றால் 504,566 ரூபா.

அக்கா செய்தது வேறு. ஒவ்வொரு மடக்கையையும் தனித்தனியே கணித்து, கொப்பியில் நான்கு தசமதானத்துக்கு மட்டந்தட்டி எழுதிவிட்டு, பின்னர் வகுத்தார். `ln` மூலம் 0.9163 ÷ 0.0100 = 91.63 என்று வந்தது. அதை வைத்து 92 மாதங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு மாதம் பிழைத்துவிட்டது. அவருக்கு `log` சொல்லித் தந்த பிள்ளையின் தாளில் 0.3979 ÷ 0.0043 = 92.53, ஆகவே 93 மாதங்கள். இரு பிள்ளைகளும் வாதாடியது இதனால்தான். "பார்த்தீர்களா, log தான் சரி" என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியது பிழையான பாடம். 92.53 உம் சரியான விடை அன்று. உண்மை விடையிலிருந்து ஒன்று 0.44 மேலே, மற்றது 0.46 கீழே. மேல்நோக்கிப் பிழைத்ததால் 93 இல் தற்செயலாக விழுந்தது, அவ்வளவுதான். மூன்று தசமதானத்துக்கு மட்டந்தட்டியிருந்தால் `log` தந்திருக்கக்கூடியது 0.398 ÷ 0.004 = 99.5. அப்போது நூறு மாதங்கள் என்று எழுதியிருப்பார்கள்.

ஏன் இப்படி? எந்த அடியிலும் 1 இன் மடக்கை பூச்சியம். 1.01 என்பது 1 க்கு மிக அண்மையில் இருப்பதால் அதன் மடக்கையும் பூச்சியத்துக்கு மிக அண்மையில் இருக்கிறது. 0.00432137 ஐ 0.0043 என்று எழுதும்போது நாம் நான்கு தசமதானம் எழுதியதாக நினைக்கிறோம். உண்மையில் எஞ்சியிருப்பவை 4, 3 என்ற இரண்டு இலக்கங்கள்தாம். முன்னாலுள்ள பூச்சியங்கள் இடத்தை மட்டும் காட்டுகின்றன. அந்த மெலிந்த எண்ணால் வகுக்கும்போது அதிலுள்ள அரைச் சதவீதப் பிழை அப்படியே விடைக்கு ஏறுகிறது. 92 இல் அரைச் சதவீதம் என்றால் ஏறக்குறைய அரை மாதம்.

`ln` பெறுமானம் 2.3 மடங்கு பெரியது என்பதால், ஒரே தசமதானத்துக்கு மட்டந்தட்டும்போது நேரக்கூடிய அதிகபட்சப் பிழை அதில் குறைவு. அடி 1.01, நான்கு தசமதானம் என்றால் பகுதியில் நேரக்கூடிய பிழை `log` க்கு 1.2 சதவீதம் வரை, `ln` க்கு அரைச் சதவீதம் வரை. ஆனால் அது எல்லைதான். ஒரு குறிப்பிட்ட எண்ணில் இந்த முன்னிலை காணாமற்போகலாம், மேலே பார்த்தது போல. ஆகவே `ln` ஐ நம்பித் தசமதானத்தைக் குறைக்க வேண்டாம்.

தாளில் எழுதியே ஆகவேண்டும் என்றால், தசமதானங்களை எண்ணாமல், முன்னாலுள்ள பூச்சியங்கள் முடிந்த பிறகு வரும் இலக்கங்களை எண்ணுங்கள். அப்படி நான்கு இலக்கங்கள் வைத்தால் `log` மூலம் 0.3979 ÷ 0.004321 = 92.09. `ln` மூலம் 0.9163 ÷ 0.009950 = 92.09. இரண்டும் 93 மாதங்கள் என்றே சொல்கின்றன, சண்டை தீர்ந்துவிடுகிறது.

அட்டவணையை மட்டும் நம்பியிருப்பவருக்கு இங்கே வழியில்லை. நான்கு இலக்க அட்டவணையில் 1.01 க்கு நேரே இருப்பது 0043 மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களை அட்டவணை தராது. அடி 2, 3, 5 என்று இருக்கும்போது அட்டவணை போதும். மாத வட்டி போன்ற கணக்குக்குக் கணிகருவிதான் வேண்டும்.

## மூன்றாவது வழி: ஒரு மாறா எண்ணைச் சேமித்து வைத்துப் பெருக்குதல்

மாணவனின் உண்மையான சிக்கல் ஒரு விடை அன்று. ஒரு நிரலில் நாற்பது எண்ணிக்கைகள், எல்லாவற்றுக்கும் அடி 2. ஒவ்வொன்றுக்கும் log 2 ஆல் வகுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. 1 ÷ log 2 = 3.321928 என்பதை ஒரு தடவை கணித்து நினைவகத்தில் இட்டுவிட்டால், பின்னர் ஒவ்வோர் எண்ணுக்கும் `log` எடுத்து அதனால் பெருக்கினால் போதும். log 5000 × 3.321928 = 12.2877.

இங்கே இரண்டு மறைமுகச் செலவுகள். மாறா எண்ணை மனப்பாடம் செய்து 3.32 என்று இடுபவருக்கு 12.2806 வரும். ஒரு விடைக்கு அது பெரிதன்று. ஆனால் நாற்பது விடைகளும் ஒரே திசையில், ஒரே விகிதத்தில் குறைவாக வருவதால், கூட்டினாலும் சராசரி எடுத்தாலும் பிழை கரையாது. ஆகவே எண்ணை விரலால் இடாமல், கணிகருவியே கணித்த முழுப் பெறுமானத்தை நினைவகத்தில் வையுங்கள்.

இரண்டாவது செலவு கூடிய ஆபத்தானது. 3.321928 `log` க்கு உரியது. `ln` க்கு உரியது 1.442695. காலையில் ஒன்றைச் சேமித்துவிட்டு மாலையில் மற்றச் சாவியை அழுத்தினால், நாற்பது விடைகளும் கெடும். நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று திரை காட்டாது. ஒவ்வொரு தடவை அமரும்போதும் முதலில் 8 ஐ இட்டுப் பாருங்கள். அடி 2 இல் அதன் மடக்கை 3. மூன்று வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

## நான்காவது வழி: அடியை நேரே இடும் சாவி

புதிய கணிகருவிகள் சிலவற்றில் அடிக்கு ஒரு சிறிய பெட்டியும் எண்ணுக்கு ஒரு பெரிய பெட்டியும் திறக்கும் சாவி இருக்கிறது. வகுத்தலும் இல்லை, இடை விடையும் இல்லை. ஏற்கெனவே கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இதற்காக மட்டும் புதிதாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வகுத்தலைத் தவிர வேறு எதையும் அது மிச்சப்படுத்துவதில்லை.

ஒரு கவனம் மட்டும். பெட்டி திறக்காமல் காற்புள்ளியோடு இடும் கணிகருவிகளில் வழக்கமாக அடி முதலில் வரும்: `log(3,50)`. கணினியின் அட்டவணைச் செயலியில் எண் முதலில், அடி பிறகு: `LOG(50,3)`. ஒன்றில் பழகிய கை மற்றதில் தலைகீழாக இடும். அப்போது 3.5609 க்குப் பதிலாக 0.2808 வரும். அது சரியான விடையின் தலைகீழ்.

கைபேசியைத் திருப்பிப் பிடித்தால் வரும் சாவிகளும் வீட்டுக் கணக்குக்கு நல்லவைதான். பரீட்சை மண்டபத்துக்குள் அது வராது என்பதால் மாணவர்கள் அதில் மட்டும் பழகக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | `log` | `ln` | சேமித்த எண் | அடிச் சாவி |
|---|---|---|---|---|
| மனத்தால் மதிப்பிடல் | இலக்கங்களை எண்ணலாம் | அடி 1 க்கு அண்மையில் எளிது | கடினம் | விடையை மட்டும் |
| பொருந்தும் கணக்கு | பத்தின் வலுக்கள், அட்டவணை | e உள்ள சமன்பாடு, வட்டி | ஒரே அடியில் நீண்ட நிரல் | ஒற்றைக் கணக்கு |
| மறைமுகச் செலவு | e வந்தால் 2.303 | பெறுமானம் மனத்துக்குப் பழக்கமில்லை | சாவி மாறினால் எல்லாம் கெடும் | இடும் ஒழுங்கு, வாங்கும் செலவு |

## பிழை எது என்று விடையே சொல்லும்

எந்த வழியை எடுத்தாலும் நான்கு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. `log₃ 50` ஐ வைத்தே சொல்கிறேன். 3³ = 27, 3⁴ = 81. ஆகவே விடை 3 க்கும் 4 க்கும் இடையில். அதற்கு வெளியே எது வந்தாலும் கீழே தேடிப் பாருங்கள்.

2.0203 வந்தால் அடைப்பு மூடப்படவில்லை. பல கணிகருவிகளில் `log` ஐ அழுத்தியதும் அடைப்பு தானாகத் திறந்துகொள்ளும். அதை மூடாமல் `log(50÷log(3` என்று போனால், 50 ஐ log 3 ஆல் வகுத்து, வந்த 104.80 க்கு மடக்கை எடுத்துத் தந்துவிடும். என் வகுப்பில் நான் அதிகம் காணும் பிழை இதுதான். பழைய கணிகருவிகளில் அடைப்பு தானாகத் திறக்காது. அண்ணனின் பழைய கணிகருவியில் படித்துவிட்டுப் புதியதை வாங்கிய பிள்ளைகள் இதில் விழுகிறார்கள்.

1.2218 வந்தால் வகுப்பதற்குப் பதில் கழித்திருக்கிறீர்கள். log 50 − log 3 என்பது 50 ÷ 3 இன் மடக்கை. 50 இன் மடக்கையை 3 இன் மடக்கையால் வகுப்பது முற்றிலும் வேறு வேலை. விதியைப் பாதி நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

0.2808 வந்தால் தொகுதியும் பகுதியும் இடம் மாறிவிட்டன. எண் அடியை விடப் பெரிது என்றால் விடை 1 ஐ விடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

நான்காவது, முழமும் மீற்றரும் கலந்த பிழை. மேலே `log`, கீழே `ln` என்று அழுத்தினால் விடை 2.3026 மடங்கு சிறுக்கும். மேலே `ln`, கீழே `log` என்றால் அதே மடங்கு பெருக்கும். மாணவனின் கணக்கில் 12.2877 வரவேண்டிய இடத்தில் 5.3365 வந்திருந்தது. ஐந்து தடவை இரட்டித்தால் 32 மடங்குதான், 5,000 மடங்கு எப்படி வரும்? சரியான விடையைப் பிழையான விடையால் வகுத்தான், 2.3026 வந்தது. எங்கே சாவி மாறியது என்று அவனே கண்டுபிடித்துவிட்டான்.

## யாருக்கு எது

மாணவனுக்கு `log` ஐயும், நாற்பது எண் நிரலுக்கு நினைவகத்தையும் சொன்னேன். அவனுடைய எண்கள் எல்லாம் பத்தின் வலுக்களில் நிற்கின்றன. புதிய கணிகருவி வாங்கவில்லை. இரசாயனவியலில் வேகக் கணக்குகளும் தேய்வுக் கணக்குகளும் செய்பவர் `ln` இலேயே நிற்கட்டும், நடுவில் மாற வேண்டாம். ஒரே தாளில் இரு வகைக் கணக்கும் இருந்தால், ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் எந்தச் சாவி என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அக்காவுக்கு `ln`. வட்டி வீதம் 1 சதவீதம் என்றால் பகுதியில் 0.01 ஐ விடச் சற்றுக் குறைந்த எண் வரவேண்டும் என்பதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். கொப்பியில் இடை விடை எழுதும் பழக்கத்தை விட்டு, ஒரே வரியில் அழுத்தி, கடைசியில் 1.01 ஐ அந்த மாதங்களின் வலுவுக்கு உயர்த்திப் பார்க்கிறார். சென்ற வாரம் கடன் பக்கத்துக்கும் அதையே செய்தார். மாதம் 2.5 சதவீதக் கூட்டு வட்டியில் வாங்கிய கடனில் ஒன்றும் கட்டாமல் விட்டால் அது எப்போது இரட்டிக்கும் என்பது கேள்வி. ln 2 ÷ ln 1.025 = 28.07. 28 ஆம் மாதத்தில் 100,000 ரூபாக் கடன் 199,650 ரூபாவாக நிற்கும், 29 ஆம் மாதத்தில் இரு மடங்கைக் கடந்துவிடும். அந்த இரண்டு வரிகளையும் சங்கத்தின் கணக்குக் கொப்பியில், கடன் வாங்க வருபவர் பார்க்கும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.